கல்யாணி ஆலாபனை: மந்திர ஸ்தாயியிலிருந்து தார ஸ்தாயி வரை ராகத்தைப் படிப்படியாகத் திறப்பது எப்படி

வர்ணங்களும் கணிசமான கீர்த்தனைகளும் பாடம் ஆன மாணவரிடம், "கல்யாணி கொஞ்சம் ஆலாபனை பண்ணுங்க" என்று சொன்னால், பெரும்பாலும் ஒரே விஷயம்தான் நடக்கிறது. ஸட்ஜத்தில் தொடங்கி, காந்தாரத்தைத் தொட்டு, பஞ்சமத்தைத் தாண்டி, ஒரு நிமிஷத்துக்குள் மேல் ஸட்ஜத்துக்குப் போய் நின்றுவிடுகிறார்கள். அதற்கப்புறம் எங்கே போவது என்று தெரிவதில்லை. அதே நாலு பிடிகளைத் திரும்பத் திரும்பப் பாடிவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

அவர்களுக்குக் கல்யாணி தெரியாமல் இல்லை, எதை எப்போது பாடுவது என்ற வரிசைதான் பிடிபடவில்லை. ஆலாபனையில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் மையம். அந்த ஸ்வரத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்று காட்டி முடிக்கும் வரை, அதற்கு மேலே இருப்பதை அடக்கி வைக்க வேண்டும். கீழே வருகிற எல்லாப் படிகளும் இந்த ஒன்றைச் செய்வதற்காகத்தான்.

குறியீடு இப்படி: ஸ்வரத்துக்கு முன்னால் புள்ளி இருந்தால் மந்திர ஸ்தாயி (.நி), பின்னால் கோடு இருந்தால் தார ஸ்தாயி (ஸ'), காற்புள்ளி கார்வை.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஆலாபனையின் பிடிகள் வானத்திலிருந்து வருவதில்லை, பாடம் பண்ணிய உருப்படிகளிலிருந்துதான் வருகின்றன. கல்யாணிக்கு என்றால் 'கமலஜாதள' கீதம், 'வனஜாக்ஷி' அட தாள வர்ணம், அப்புறம் குறைந்தது இரண்டு கீர்த்தனைகள். இரண்டும் வெவ்வேறு வாக்கேயக்காரர்களுடையதாக இருந்தால் நல்லது. தியாகராஜர் ராகத்துக்குள் நுழையும் வாசல் வேறு, தீக்ஷிதர் நுழையும் வாசல் வேறு. இரண்டையும் கேட்டுப் பாடியவருக்குத்தான் ராகம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

வர்ணத்தை இரண்டு காலத்திலும் அகாரமாகப் பாட வேண்டும். ஸ்வரப் பெயர் சொல்லிப் பாடும்போது 'நி' என்ற எழுத்தே நிஷாதத்துக்கு ஊன்றுகோலாகிவிடுகிறது. அகாரத்தில் அந்த ஊன்றுகோல் கிடையாது. ஆலாபனை முழுக்க 'ஆ', 'த த ரி ந', 'ந ம் த' என்ற அசைகளில்தான் நடக்கும், அதற்கு இந்தப் பழக்கம் முன்கூட்டியே வேண்டும்.

கமகத்தில் இரண்டு இடங்கள் உறுதியாக இருக்க வேண்டும். கல்யாணியில் பிரதி மத்யமம் தனியாக நிற்காது, பஞ்சமத்தைத் தொட்டுத் தொட்டு அசையும். காகலி நிஷாதமும் அப்படியே ஸட்ஜத்தைத் தொட்டு அசையும். இந்த இரண்டையும் மொட்டையாகப் பிடித்து நீட்டினால் ஸ்வரம் சரியாக இருந்தாலும் ராகம் கல்யாணி மாதிரி ஒலிக்காது. காந்தாரத்தை மட்டும் அசைவைக் குறைத்து நீளமாகப் பிடிக்கலாம். அதனால்தான் அது நின்று இளைப்பாறும் இடமாகப் பயன்படுகிறது.

2. உங்கள் குரலின் இரு முனைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்

ஸ்ருதியை வைத்துக்கொண்டு கீழே எந்த ஸ்வரம் வரை கார்வையோடு நிற்க முடிகிறது, மேலே எந்த ஸ்வரம் வரை கத்தாமல் நிற்க முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குக் கீழே மந்திர பஞ்சமமும் மேலே தார காந்தாரமும் வந்துவிடும். தார பஞ்சமம் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. வராவிட்டாலும் கல்யாணி குறைந்துவிடாது.

மந்திர பஞ்சமமே வெறும் காற்றாக வந்தால் உங்கள் ஸ்ருதி தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். அரைக் கட்டை ஏற்றிப் பாருங்கள். ஆண் குரல்கள் பொதுவாக 1 முதல் 2 கட்டைக்குள்ளும், பெண் குரல்கள் 5, 5½ கட்டையை ஒட்டியும் இருக்கும். ஆனால் இது சட்டம் இல்லை. மேடையில் யாரோ பாடும் கட்டையைப் பார்த்து உங்கள் கட்டையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு முனைக்காக இன்னொரு முனையை இழந்தால் ஆலாபனையின் முதல் பாதியோ கடைசிப் பாதியோ இல்லாமல் போய்விடும்.

3. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் என்று முதலில் தீர்மானியுங்கள்

கல்யாணியில் நிற்பதற்கு வசதியான இடங்கள் ஸட்ஜம், ரிஷபம், காந்தாரம், பஞ்சமம், நிஷாதம், தார ஸட்ஜம், தார காந்தாரம். மத்யமத்தில் நின்று முடிக்க வேண்டாம். அதன் அசைவே பஞ்சமத்தை நோக்கி இருப்பதால், அங்கே நிறுத்தினால் பேச்சை நடுவில் விட்ட மாதிரி இருக்கும்.

பத்து நிமிஷப் பயிற்சி ஆலாபனை என்று வைத்துக்கொள்வோம். முதல் பிடிக்கு 1 நிமிஷம், மந்திர ஸ்தாயிக்கு 1½, ரிஷப காந்தாரத்துக்கு 2, பஞ்சமத்துக்கு 1½, நிஷாதத்துக்கு 1½, தார ஸ்தாயிக்கு 1½, இறங்கி முடிக்க 1. இந்தக் கணக்கில் மேல் ஸட்ஜம் வருவது ஏழரை நிமிஷத்தில். முதல் தடவை இதைப் பார்ப்பவர்கள் "அவ்வளவு நேரம் கீழேயே என்ன பாடுவது?" என்று திகைப்பார்கள். அந்தக் கேள்விக்கான பதில்தான் 5, 6, 7, 8 ஆகிய படிகள்.

கச்சேரியில் யாரும் கடிகாரம் பார்த்துப் பாடுவதில்லை. உபபிரதான ராகத்தை நாலைந்து நிமிஷத்தில் முடிக்கும்போதும், பிரதான ராகத்தை இருபது நிமிஷம் பாடும்போதும் வரிசை இதேதான். ஒவ்வொரு இடத்திலும் செலவிடும் நேரம்தான் சுருங்கும் அல்லது விரியும். பயிற்சியில் மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவசரப்படும் இடம் எது என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

4. முதல் பிடி: ராகம் எது என்று உடனே சொல்லிவிடுங்கள்

கீழிருந்து மேலே என்றதும் மந்திர பஞ்சமத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆலாபனை மத்திய ஸ்தாயியில், ராகத்தின் முகம் தெரியும் ஒரு பிடியில் தொடங்குகிறது. அதற்கப்புறம்தான் கீழே இறங்கி, அங்கிருந்து ஏறுகிறது. முகம் காட்டாமல் கீழே போனால், கேட்பவர் ராகத்தை ஊகிப்பதிலேயே நேரத்தைச் செலவிடுவார், நீங்கள் பாடுவதைக் கேட்க மாட்டார்.

கல்யாணியில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. கல்யாணிக்கும் சங்கராபரணத்துக்கும் மத்யமம் ஒன்றுதான் வித்தியாசம். "ஸ ரி க , ரி ஸ .நி ஸ" என்று தொடங்கினால் அதில் மத்யமமே இல்லை. அசைவைக் கொண்டு தேர்ந்த காது கண்டுபிடிக்கும், ஆனால் மற்றவர்களுக்கு இரண்டு ராகமும் திறந்தே இருக்கும். ஆகவே முதல் பிடியிலேயே பிரதி மத்யமம் வர வேண்டும்:

க , ம ப ம க , ரி , ஸ ,

அல்லது

.நி ரி க ம ப ம க , ரி ஸ ,

இதில் பஞ்சமம் வருகிறதே, மேலே இருப்பதை அடக்கி வைக்க வேண்டும் என்றோமே என்று கேட்கலாம். ஒரு ஸ்வரத்தைத் தொடுவது வேறு, அங்கே நிற்பது வேறு. இங்கே பஞ்சமம் தொட்டுத் திரும்பும் ஸ்வரம், அவ்வளவுதான். நிற்காத வரை அது செலவாகிவிடவில்லை. இந்த வித்தியாசம் கடைசிப் படி வரைக்கும் கூடவே வரும்.

முதல் பிடியை நிதானமாகப் பாடி ஸட்ஜத்தில் நன்றாக நில்லுங்கள். தம்புராவின் ஸட்ஜமும் உங்கள் ஸட்ஜமும் ஒன்றாகிற வரை நகர வேண்டாம். இங்கே ஸ்ருதி ஒரு நூல் விலகியிருந்தாலும் அடுத்த பத்து நிமிஷமும் அது கூடவே வரும்.

5. மந்திர ஸ்தாயி: கீழே போய் ஏறுவதற்கு இடம் உண்டாக்குவது

ஸட்ஜத்திலிருந்து ஒரே மூச்சில் பஞ்சமம் வரை இறங்க வேண்டாம். முதலில் நிஷாதம் மட்டும், பிறகு தைவதம், பிறகு பஞ்சமம். ஒவ்வொரு தடவையும் ஸட்ஜத்துக்குத் திரும்ப வேண்டும்:

ஸ , .நி , ஸ ,
ஸ .நி .த , .நி ஸ ,
ஸ .நி .த .ப , .த .நி , ரி ஸ ,

மூன்றாவது பிடியில் நிஷாதத்திலிருந்து ரிஷபத்துக்குத் தாவி ஸட்ஜத்தில் விழுவதைக் கவனியுங்கள். ஸட்ஜத்தை விட்டுவிட்டுத் தாவுவது கல்யாணிக்கு மிகவும் பொருந்தும் நடை. அதே மாதிரி பஞ்சமத்தை விட்டு ".ம .த .நி , ரி ஸ" என்றும் பாடலாம். கீழ் மத்யமம் வந்ததுமே சங்கராபரணச் சந்தேகம் மறுபடியும் தீர்ந்துவிடுகிறது.

இங்கே நடக்கும் தவறு பெரும்பாலும் குரலில்தான். கீழே வரும்போது குரல் கேட்காதோ என்று பயந்து தொண்டையை அழுத்துகிறார்கள். அழுத்தினால் ஸ்வரம் மேலே ஏறிவிடும், மந்திர தைவதம் சற்றுத் தூக்கலாக ஒலிக்கும். அழுத்தாமல் சத்தத்தைக் குறைத்து, வாயைத் திறந்து 'ஆ' என்றே பாடுங்கள். கச்சேரியில் மைக் இருக்கிறது, பயிற்சி அறையில் தம்புரா மட்டும்தான் இருக்கிறது. யாரோடும் போட்டி இல்லை.

கீழே பிருகா வேண்டாம். தாழ்ந்த ஸ்வரங்களில் வேகமான சங்கதிகள் கலங்கிப் போகும், ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழாது. இந்தப் பகுதிக்குக் கார்வைதான் அழகு. மெதுவாகப் பாடினால் பின்னால் வேகம் வரும்போது அது வேகமாகத் தெரியும் என்ற லாபமும் உண்டு.

6. ரிஷபம், காந்தாரம்: கல்யாணியின் வீடு

இங்கேதான் அதிக நேரம் இருக்க வேண்டும். புதிதாகப் பாடுபவர்கள் இங்கேதான் மிகக் குறைவாக இருக்கிறார்கள்.

ஒவ்வொரு நிலை ஸ்வரத்துக்கும் உள்ளே ஒரு சின்ன வரிசை உண்டு. முதலில் அந்த ஸ்வரத்தில் வந்து நிற்பது. பிறகு கீழே இருந்து வெவ்வேறு வழிகளில் அதே ஸ்வரத்துக்கு வந்து சேர்வது. பிறகு அதற்கு மேலே ஒன்றிரண்டு ஸ்வரங்களைத் தொட்டுத் திரும்புவது. பிறகு மத்யம காலத்தில் சில பிடிகள். கடைசியில் ஒரு வேகமான சங்கதி, அதுவும் அதே ஸ்வரத்தில் வந்து விழ வேண்டும். காந்தாரத்தை வைத்து இதை முழுதாகச் செய்து பார்க்கலாம்.

வந்து நிற்பது:

ஸ ரி க ,

இதை அசைவைக் குறைத்து, நேராக, ஒரு மூச்சில் பாதி அளவு நீட்டுங்கள். நிறுத்திவிட்டு இரண்டு மூன்று விநாடி சும்மா இருங்கள். பக்கத்தில் வயலின் இருந்தால் அந்தக் காந்தாரத்தை அது பிடித்துக்கொள்ளும். அது முடியும் முன் அடுத்த பிடியை எடுக்காதீர்கள்.

வெவ்வேறு வழிகளில் வந்து சேர்வது:

.நி ரி க ,
.த .நி ரி க ,
க ரி ஸ .நி , ரி க ,

முதல் இரண்டிலும் ஸட்ஜம் இல்லை. மூன்றாவதில் கீழே போய்த் திரும்புகிறோம். போய்ச் சேரும் இடம் ஒன்றேயானாலும் வழி மாறுவதால் ஒவ்வொரு தடவையும் காந்தாரம் புதிதாகக் கேட்கிறது. "வேறென்ன பாடுவது?" என்று திகைக்கிற மாணவருக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி இதுதான்: காந்தாரத்துக்கு வருவதற்கு ஏழெட்டு வழி கண்டுபிடித்து வா, வேறெதுவும் வேண்டாம்.

மேலே தொட்டுத் திரும்புவது:

ரி க ம க , ரி ,
ரி க ம ப ம க ,

இங்கே மத்யமம் எப்படி வருகிறது என்று உங்கள் குரலை நீங்களே கேளுங்கள். "ம க" என்று இறங்கும்போது மத்யமம் பஞ்சமத்தின் பக்கமிருந்து வழுக்கி வர வேண்டும். அது தனியாகக் குத்திட்டு நின்றால், இரண்டாவது பிடியை மட்டும் எடுத்து மிக மெதுவாக, "ப ம ப ம க" என்று எழுதிப் பாடுவது போல் சில தடவை பாடிவிட்டு மறுபடி பழைய வேகத்துக்கு வாருங்கள். அசைவு தானாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

மத்யம காலமும் வேகமும்:

.நி ரி க ரி - ரி க ம க - க ரி ஸ .நி - .த .நி ரி க ,

இதையே இரட்டிப்பு வேகத்தில், அகாரத்தில் பாடிக் காந்தாரத்தில் நில்லுங்கள். வேகச் சங்கதி எங்கே போய் விழுகிறது என்பதுதான் முக்கியம். அதே ஸ்வரத்தில் விழுந்தால் கேட்பவருக்கு இந்த இடம் முடிந்தது என்று புரியும். வேகத்தில் இழுத்துக்கொண்டு போய்ப் பஞ்சமத்தில் விட்டுவிட்டால், சொல்லாமலேயே அடுத்த படிக்குப் போய்விட்டீர்கள், காந்தாரத்தின் முடிவும் கெட்டது, பஞ்சமத்தின் தொடக்கமும் கெட்டது.

ரிஷபத்துக்கும் இதையே சுருக்கமாகச் செய்யலாம். "க ரி , ஸ .நி .த .நி ரி ," என்று ரிஷபத்தில் நிறுத்தினால் ஒரு கேள்வி தொங்குகிற மாதிரி இருக்கும். அதை உடனே ஸட்ஜத்தில் தீர்க்காமல் காந்தாரத்துக்கு எடுத்துப் போவது நன்றாக இருக்கும். அதனால் ரிஷபத்தை முதலில் வைத்து, காந்தாரத்தைப் பின்னால் வையுங்கள்.

இந்தப் படிக்கு ஒரு தனிப் பயிற்சி உண்டு. பஞ்சமத்தைக் கூரை என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு ஸ்வரம்கூடத் தொடாமல் ஐந்து நிமிஷம் பாடுங்கள். இரண்டாவது நிமிஷத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று தோன்றும். அப்போது மேலே போகாமல் அங்கேயே இருந்தால், உருப்படிகளில் பாடிப் பாடி மறந்துபோன பிடிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும்.

7. பஞ்சமம்: நிற்கலாம், தங்கிவிட வேண்டாம்

க ம ப ,
க ம த ப , ம க ரி ,
ப த நி த ப , ம க ,

பஞ்சமம் தம்புராவிலேயே ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதனால் அங்கே நிற்பது குரலுக்குச் சுகம். ஆனால் நீண்ட பஞ்சமத்துக்கு ராகத்தின் சாயல் கிடையாது, அது எந்த ராகத்திலும் அதே பஞ்சமம்தான். கார்வை முடிந்ததும் "ப ம க" என்று மத்யமத்தைத் தொட்டு இறங்கி, சாயலை உடனே திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

இங்கே வரும் வழுக்கல் வேறு மாதிரி. பிரதி மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் அரை ஸ்வர இடைவெளிதான். மத்யமத்தைப் பெரிதாக அசைத்துவிட்டுப் பஞ்சமத்துக்கு வரும்போது, பஞ்சமம் முழுதாக வராமல் சற்றுத் தாழ்ந்து நிற்கும். பாடுபவருக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கு உடனே தெரியும். கண்டுபிடிக்க ஒரு வழி: பஞ்சமத்தில் நிற்கும்போது சத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள். சேர்ந்திருந்தால் உங்கள் குரல் தம்புராவுக்குள் மறைந்துவிடும். தாழ்ந்திருந்தால் தம்புராவோடு உராய்கிற ஓர் அதிர்வு காதில் விழும்.

8. நிஷாதம்: மேல் ஸட்ஜத்தைத் தள்ளிப் போடுவது

ஆலாபனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கேட்பவர் மேல் ஸட்ஜத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டார். அதைக் கொடுக்காமல், பக்கத்திலேயே எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்பதில்தான் பாடகரின் நிதானம் தெரிகிறது.

ப த நி ,
க ம த நி , த ப ,
ம த நி , த ப ம க ரி ,

நிஷாதத்தில் நிற்கும்போது அது ஸட்ஜத்தைத் தொட்டு அசையும். எனவே ஸட்ஜம் காதில் படத்தான் செய்யும். அசைவு முடியும் இடம் நிஷாதமாக இருந்தால் போதும். அசைவின் உச்சியில் குரலை விட்டுவிட்டால் அது ஸட்ஜமாகிவிடும். புதியவர்களுக்கு இங்கேதான் அடிக்கடி தவறுகிறது. நிஷாதத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு ஸட்ஜத்தில் நின்றுவிடுகிறார்கள். பாடியதைப் பதிவு செய்து கேட்டால் சட்டென்று புரிந்துவிடும்.

கல்யாணி இங்கே ஒரு சலுகை தருகிறது. கீழே ".நி ரி க" என்று ஸட்ஜத்தைத் தாண்டினோம் அல்லவா, அதையே மேலேயும் செய்யலாம்:

ம த நி ரி' நி , த ப ,
த நி ரி' நி த , ம த நி ,

தார ரிஷபம் வந்துவிட்டது, தார ஸட்ஜம் இன்னும் வரவில்லை. காத்திருப்பு இன்னும் கூடுகிறது. ஆனால் இதை ஒன்றிரண்டு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம். அதிகமானால் தார ரிஷபத்துக்கே மதிப்புப் போய்விடும். தார காந்தாரத்தை இந்தப் படியில் தொடவே கூடாது, அது அடுத்த படிக்கான சொத்து.

ஒரு தடவை வகுப்பில் ஒரு பெண் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "டீச்சர், இப்ப மேல் ஸட்ஜம் போகலாமா?" என்று கேட்டாள். "இன்னும் ஒரே ஒரு தரம் கீழே ரிஷபம் வரைக்கும் இறங்கிட்டு வா, அப்புறம் போ" என்றேன். இறங்கி வந்து அவள் பிடித்த ஸட்ஜம், நேராகப் போயிருந்தால் வந்திருக்கிற ஸட்ஜத்தைவிட இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கிற மாதிரி கேட்டது. தாவும் முன் கீழே ஒரு முழு இறக்கம் கொடுப்பதற்கு இதுதான் காரணம்.

9. தார ஸ்தாயி: வந்து நின்று, பிறகு ஏறுவது

ஸ ரி க ம ப த நி ஸ' ,

அடக்கி வைத்திருந்த நேரான ஏற்றத்தை இங்கே பாடலாம். ஸட்ஜத்தில் மூச்சு உள்ள வரை நில்லுங்கள். இந்த இடத்தில் அசைவு, வேகம் எதுவும் வேண்டாம். பெரிய ஆலாபனையாக இருந்தால் சில பாடகர்கள் இங்கே நிறுத்திவிட்டு வயலினுக்கு விட்டுக்கொடுப்பதும் உண்டு. வயலின் அதுவரை வந்ததை வாசித்து முடித்ததும் தார ஸட்ஜத்திலிருந்து மறுபடி எடுப்பார்கள்.

பிறகு 6ஆம் படியில் செய்ததையே ஒரு ஸ்தாயி உயரத்தில் செய்யப் போகிறோம், ஆனால் சுருக்கமாக:

நி ரி' ஸ' ,
நி ரி' க' , ரி' ஸ' ,
த நி ரி' க' , ரி' நி த ப ,

தார காந்தாரம்தான் உச்சி. குரல் இடம் கொடுத்தால் "க' ம' ப' ம' க' , ரி' ஸ'" என்று பஞ்சமத்தை ஒரே ஒரு தடவை தொட்டுத் திரும்பலாம். பிருகாக்களுக்கு உரிய இடமும் இதுதான். இதுவரை சேர்த்து வைத்த வேகத்தை இங்கே செலவழிக்கலாம்.

தார காந்தாரம் தாழ்ந்து போவது எல்லோருக்கும் வரும் தொல்லை. மூச்சு குறைந்த நேரத்தில் சத்தத்தை ஏற்றிப் பிடிக்கப் பார்ப்பதால் அது நடக்கிறது. ரிஷபத்தில் மூச்சு எடுத்துக்கொண்டு, காந்தாரத்தை மெல்லிய குரலில் தொடுங்கள். நின்ற பிறகு சத்தத்தைக் கூட்டலாம். அசையும் ஸ்வரத்தின் நடுவில் மட்டும் மூச்சு எடுக்காதீர்கள், அசைவு அறுந்துவிடும்.

10. இறங்குவதற்கும் நேரம் கொடுங்கள்

உச்சியைத் தொட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, ஒரே வீச்சில் ஸட்ஜத்துக்கு வந்து கீர்த்தனையைத் தொடங்கிவிடுகிறார்கள். ஏறுவதற்கு ஒன்பது நிமிஷமும் இறங்குவதற்கு ஐந்து விநாடியும் என்றால் கேட்பவருக்குத் தள்ளிவிட்ட மாதிரி இருக்கும்.

முதலில் ஒரு நீண்ட வேகச் சங்கதி, தார காந்தாரத்திலிருந்து மத்திய ரிஷபம் வரை. அதன் பிறகு வேகத்தைக் குறைத்து, ஏறும்போது நின்ற இடங்களில் இரண்டு மூன்றை மட்டும் தொடுங்கள்:

க' ரி' ஸ' நி த , நி ,
நி த ப , ம க ,
க ம ப ம க , ரி , ஸ .நி .த .நி ரி ஸ ,

இறங்கும்போது புதிய பிடிகளைக் கொண்டுவர வேண்டாம். ஏற்கனவே கேட்ட பிடிகளே வந்தால்தான் முடிகிறது என்ற உணர்வு வரும். கடைசி ஸட்ஜத்துக்கு அப்புறம் தம்புரா மட்டும் சில விநாடி ஒலிக்கட்டும். அடுத்து வயலின் தன் ஆலாபனையைத் தொடங்க வேண்டும், அதற்கு ஸட்ஜம் சுத்தமாகக் கையில் கிடைக்க வேண்டும்.

11. பதிவு செய்து சரிபார்க்கும் முறை

ஃபோனில் பதிவு செய்து, ஒரு தாளில் ஒவ்வொரு நிலை ஸ்வரத்திலும் நீங்கள் முதல் தடவையாக எப்போது நின்றீர்கள் என்று குறியுங்கள். 3ஆம் படியில் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். நிஷாதமும் தார ஸட்ஜமும் ஒரே நிமிஷத்துக்குள் வந்திருந்தால் 8ஆம் படியைத் தாண்டிக் குதித்திருக்கிறீர்கள்.

இன்னொரு சோதனை இன்னும் கறாரானது. பதிவின் நடுவிலிருந்து ஏதாவது ஒரு இருபது விநாடியை எடுத்து, உங்களோடு படிக்கும் ஒருவருக்குப் போட்டுக்காட்டுங்கள். "இப்போது எந்த ஸ்வரம் மையம்?" என்று கேளுங்கள். அவர் தயங்காமல் சொன்னால் அந்தப் பகுதி சரி. இரண்டு ஸ்வரங்களைச் சொன்னால் அங்கே நீங்கள் எங்கும் நிற்கவில்லை என்று பொருள். அந்த ஒரு பகுதியை மட்டும் தனியாக எடுத்து மறுபடி பாடுங்கள், முழு ஆலாபனையையும் திரும்பப் பாட வேண்டாம்.

12. இந்த வரிசை எல்லா ராகத்துக்கும் அப்படியே பொருந்தாது

கல்யாணி, சங்கராபரணம், தோடி, கரஹரப்ரியா போன்ற பெரிய ராகங்களில் மூன்று ஸ்தாயியிலும் இடம் இருக்கிறது. அங்கெல்லாம் மேலே சொன்ன வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, நிலை ஸ்வரங்களை மட்டும் மாற்றினால் போதும்.

அடாணா அப்படி இல்லை. அதன் உயிர் தார ஸட்ஜத்தை ஒட்டியே இருப்பதால், மந்திரத்தில் நேரம் செலவழித்தால் ராகமே தெரியாது, மேலேயே தொடங்க வேண்டும். புன்னாகவராளி, நாதநாமக்ரியா போன்றவை நிஷாதாந்திய ராகங்கள். அவற்றின் ஸஞ்சாரம் மந்திர நிஷாதத்திலிருந்து மத்திய நிஷாதத்துக்குள் அடங்கிவிடுகிறது, தார ஸட்ஜம் என்ற படியே கிடையாது. அந்த ராகங்களில் 6ஆம் படியில் காந்தாரத்துக்குச் செய்ததையே ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் செய்து, அந்தச் சிறிய இடத்துக்குள்ளேயே ஆலாபனையை முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.